மாத வட்டியா, முடிவில் மொத்தமாகவா: என் நகைக் கடன் சொல்லிக்கொடுத்த கணக்கு

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. கைப்பையில் 10,000 ரூபாய் எடுத்துக்கொண்டு நகைக் கடன் வாங்கிய நிதி நிறுவனத்துக்குப் போனேன். ஐந்து மாத வட்டி பாக்கி. மாதம் சுமார் 2,000, ஐந்து மாதத்துக்கு 10,000 என்பது என் கணக்கு. கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "19,726 ரூபாய்ங்க அக்கா" என்றார். வேறு யாருடைய கணக்கையோ பார்த்துவிட்டார் என்று நினைத்து, ரசீதை நீட்டி எண்ணைச் சரிபார்க்கச் சொன்னேன். என் கணக்குதான்.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். கோடையில் பள்ளிச் சீருடை வேலை வரும். துணியை ஏப்ரலிலேயே ரொக்கம் கொடுத்து எடுக்க வேண்டும். தைத்துக் கொடுத்த பணம் பள்ளிகளிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் என்று இழுத்துக்கொண்டு வரும். அந்த வருடம் துணிக்காகவும் ஒரு ஓவர்லாக் மெஷினுக்காகவும் ஏப்ரல் 10 அன்று நகைகளை அடகு வைத்து 2,00,000 ரூபாய் வாங்கினேன். "ஒரு ரூபாய் வட்டிங்க, மாசாமாசம் கட்டிரணும்" என்று சொன்னார்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது வருடத்துக்கு 12 சதவீதம். மே 10 அன்று முதல் வட்டியைக் கட்டினேன். 30 நாளுக்கு 1,973 ரூபாய். அதன் பிறகு பள்ளிப் பணம் வரவில்லை. நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது, ஆள் யாரும் வரவில்லை. நகை அங்கேதானே இருக்கிறது, கடைசியில் சேர்த்துக் கட்டினாலும் அதே வட்டிதானே என்று இருந்துவிட்டேன்.

அப்படி நினைக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. என் அக்காவின் வீட்டுக்காரர் மஞ்சள் விவசாயி. ஒவ்வொரு வருடமும் நடவு சமயத்தில் வங்கியில் நகை வைப்பார். வருடம் முழுக்க ஒரு ரூபாய் கட்ட மாட்டார். மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்றதும், அசலையும் வட்டியையும் ஒரே நாளில் கட்டி நகையைத் திருப்பிவிடுவார். மாமாவுக்கு நடப்பது எனக்கும் நடக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டும் நகைக் கடன்தான். ஆனால் ஒப்பந்தம் வேறு. அவருடையதை வங்கியில் புல்லட் கடன் என்கிறார்கள். அசலும் வட்டியும் தவணை முடியும் நாளில்தான் கட்ட வேண்டியவை. இடையில் எந்தத் தேதியும் கிடையாது, அதனால் அவர் எதையும் தவறவிடவும் முடியாது. எனக்கோ ஒவ்வொரு மாதமும் ஒரு கடைசித் தேதி இருந்தது. நான் நான்கு தேதிகளைத் தவறவிட்டிருந்தேன்.

அன்று கவுன்டரில் ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பொடி எழுத்தில் ஒரு சிறிய அட்டவணை. வட்டியை 30 நாளுக்குள் கட்டினால் 12 சதவீதம். 31 முதல் 60 நாளுக்குள் என்றால் 15. 61 முதல் 90 நாளுக்குள் 18. அதற்கு மேல் 24. கடனின் உண்மையான வட்டி 24 சதவீதம்தான், தேதிக்குள் கட்டுகிறவருக்கு அதில் தள்ளுபடி கிடைக்கிறது, அந்தத் தள்ளுபடி போகத்தான் 12 என்று விளக்கினார்கள். நான் கடன் வாங்கிய அன்று கேட்ட "ஒரு ரூபாய் வட்டி" உண்மையில் தள்ளுபடி போன விலை. எல்லா நிறுவனங்களிலும் இதே அட்டவணை இருக்காது, சில இடங்களில் ஒரே வீதம்தான். ஆனால் மாத வட்டித் திட்டம் என்று சொல்லும் இடத்தில் இப்படிப் படிப்படியாக ஏறும் வட்டி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இதில் எனக்குப் பிடிபட நேரம் எடுத்த விஷயம் ஒன்று உண்டு. 90 நாள் தாண்டினால், தாண்டிய நாட்களுக்கு மட்டும் 24 சதவீதம் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. கடைசியாக வட்டி கட்டிய நாளிலிருந்து மொத்த நாளுக்கும் அந்த வீதம் போடப்படுகிறது. வீட்டுக்கு வந்து நோட்டில் போட்டுப் பார்த்தேன். 2,00,000 ரூபாய்க்கு 90ஆவது நாள் கட்டியிருந்தால் 18 சதவீதப்படி 8,877 ரூபாய். ஒரே நாள் தள்ளி 91ஆவது நாள் போயிருந்தால் 24 சதவீதப்படி 11,967 ரூபாய். அந்த ஒரு நாளின் விலை 3,090 ரூபாய். நான் போனது 150ஆவது நாள். 12 சதவீதமாக இருந்தால் 9,863 ரூபாய்தான் வந்திருக்கும். கட்டியது அதைப் போல இரண்டு மடங்கு. அன்றைக்குக் கையில் இருந்தது போதாமல், பக்கத்துக் கடைக்காரரிடம் கைமாற்று வாங்கித்தான் கட்டினேன்.

அந்தக் கோபத்தில், இனி மாத வட்டியே வேண்டாம், மாமாவைப் போல முடிவில் மொத்தமாகக் கட்டும் கடன்தான் என்று முடிவு செய்தேன். அதுவும் அவசர முடிவுதான். வட்டி வீதத்தையும் தள்ளுபடியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கட்டும் முறையை மட்டும் ஒப்பிட்டால் என்ன வரும் என்று பின்னால் பொறுமையாகப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே அப்படியே எழுதுகிறேன். கடன் 2,00,000. வீதம் 12 சதவீதம். காலம் ஒரு வருடம். எண்கள் எளிதாக இருக்க மாதத்துக்கு 2,000 என்றே வைத்துக்கொள்கிறேன்.

மாதாமாதம் தேதி தவறாமல் கட்டினால் பன்னிரண்டு மாதத்தில் 24,000 வட்டி. வருட முடிவில் அசல் 2,00,000. ஆக மொத்தம் 2,24,000.

முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனில், வட்டி அசலுக்கு மட்டும் கணக்கிடப்பட்டால், அதாவது தனி வட்டி என்றால், வருட முடிவில் அதே 24,000. மொத்தம் அதே 2,24,000.

முடிவில் கட்டும் கடனிலேயே, கட்டாத வட்டியை மாதாமாதம் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டால் கணக்கு கொஞ்சம் மாறும். முதல் மாத முடிவில் பாக்கி 2,02,000. இரண்டாம் மாத வட்டி 2,020. இப்படியே போனால் வருட முடிவில் 2,25,365 வரும். மாதாமாதம் கட்டுவதைவிட 1,365 ரூபாய் கூடுதல்.

இதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். இரண்டு லட்ச ரூபாய்க்கு ஒரு வருடத்தில் வித்தியாசம் 1,365தான். இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். மாதாமாதம் கட்டுகிறபோது 2,000 ரூபாய் முன்கூட்டியே நம் கையைவிட்டுப் போகிறது. அதே 2,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் 6 சதவீத ஆர்டியில் போட்டிருந்தால், வருட முடிவில் சுமார் 670 ரூபாய் வட்டி கிடைத்திருக்கும். ஆகவே தனி வட்டியாக இருந்தால் முடிவில் கட்டுகிறவருக்கு 670 ரூபாய் லாபம். மாதாமாதம் சேரும் கூட்டு வட்டியாக இருந்தால் அவருக்குச் சுமார் 700 ரூபாய் நட்டம். வீதம் ஒன்றாக இருந்தால், கட்டும் முறையால் வரும் வித்தியாசம் இவ்வளவுதான். என்னிடமிருந்து ஐந்து மாதத்தில் கூடுதலாகப் போன 9,863 ரூபாய் கட்டும் முறையால் போனதில்லை. மாத வட்டிக் கடனை நான் முடிவில் கட்டும் கடன் போல நடத்தினேன், அதனால் தள்ளுபடி போய் வீதமே மாறிவிட்டது.

அதே அட்டவணையில் வருடம் முழுக்க ஒன்றும் கட்டாமல் இருந்திருந்தால் 24 சதவீதப்படி 48,000 ரூபாய் வட்டி வந்திருக்கும். மாமாவின் முறையில் 24,000. அவரும் கட்டவில்லை, நானும் கட்டவில்லை. செய்தது ஒன்றுதான், செலவு இரண்டு மடங்கு.

இன்னொரு தவறான எண்ணமும் என்னிடம் இருந்தது, பலரிடமும் பார்க்கிறேன். மாதாமாதம் வட்டி கட்டினால் கடன் கரைந்துகொண்டே வரும் என்பது. கரையாது. பன்னிரண்டு மாதம் வட்டி கட்டிய பிறகும் அசல் 2,00,000 அப்படியே நிற்கும். அதைக் குறைக்க வேண்டுமானால் வட்டியோடு சேர்த்து அசலிலும் கொஞ்சம் கட்ட வேண்டும். மாதம் 10,000 அசலில் கழித்துக்கொண்டே வந்தால், முதல் மாத வட்டி 2,000, அடுத்த மாதம் 1,900, அதற்கடுத்து 1,800 என்று குறையும். வருட வட்டி 24,000க்குப் பதில் 17,400. வருட முடிவில் மீதி அசல் 80,000. பகுதிப் பகுதியாக அசல் கட்ட அனுமதி உண்டா, அப்படிக் கட்டினால் ரசீதில் அசல் குறைந்ததாகப் பதிவாகுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டி பாக்கி இருக்கும்போது கட்டும் பணம் பொதுவாக முதலில் வட்டிக்குத்தான் போகும். பாக்கியை வைத்துக்கொண்டே "அசலில் பத்தாயிரம் கட்டினேன்" என்று நினைத்து வந்தால் ஏமாந்து போவோம்.

முடிவில் கட்டும் கடனுக்கு வேறு வகை ஆபத்து உண்டு. அதை மாமாவிடமிருந்து கற்றேன். ஒரு வருடம் மஞ்சள் விலை படுத்துவிட்டது. விற்காமல் வைத்துப் பார்க்கலாம் என்று குடோனில் போட்டார். கடன் தவணை முடிந்தது. வங்கிக்குப் போய்க் கடனைப் புதுப்பித்துவிட்டு வந்தார். "ஒரு ரூபாய் குடுக்கல அம்மிணி, கையெழுத்து மட்டும் போட்டேன், முடிஞ்சுது" என்றார். அவர் கடன் 9 சதவீதம். 2,00,000க்கு வருட வட்டி 18,000. அந்த 18,000 புதுக் கடனின் அசலில் ஏறியிருந்தது. நகை விலை ஏறியிருந்ததால் அதே நகைக்கு 2,18,000 கொடுக்க முடிந்தது, அவ்வளவுதான். அடுத்த வருட வட்டி 18,000 இல்லை, 19,620. இரண்டு வருட முடிவில் பாக்கி 2,37,620. இன்னொரு வருடம் அப்படியே மாற்றி வைத்திருந்தால் 2,59,006. இரண்டாம் வருடம் நான் ரசீதைப் படித்துச் சொன்னபோதுதான் அசல் ஏறியிருப்பதையே அவர் கவனித்தார். கையிலிருந்து பணம் போகாததால் கடன் வளர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. மாத வட்டி கட்டுகிறவருக்கு ஒவ்வொரு மாதமும் வலிக்கும், ஆனால் கடன் எவ்வளவு என்று தெரிந்துகொண்டே இருக்கும்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி தங்கம், வெள்ளிக் கடன்களுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. கடன் கொடுப்பவர்கள் அவற்றை 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. அதன்படி புல்லட் கடனில் சேர்ந்திருக்கும் வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்க முடியும். வீட்டுச் செலவு மாதிரியான தேவைக்கு வாங்கும் புல்லட் கடனுக்குக் காலம் அதிகபட்சம் 12 மாதம். மாமா செய்தது போலக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரும் வழியை நம்பி யாரும் இப்போது திட்டமிடக் கூடாது. வருட முடிவில் வட்டிப் பணமாவது கையில் இருந்தாக வேண்டும்.

அதே விதிகளில் இன்னொன்று, எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதையே மாற்றுகிறது. வீட்டுத் தேவைக்கான கடன் 2,50,000 ரூபாய் வரை என்றால், நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். 2,50,000க்கு மேல் 5,00,000 வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். புல்லட் கடனுக்கு இந்த வரம்பை இன்று கையில் வாங்கும் தொகைக்குப் பார்ப்பதில்லை, தவணை முடிவில் வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டிய தொகைக்குப் பார்க்கிறார்கள். நகையின் மதிப்பு 2,60,000 என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதம் என்றால் 2,21,000. மாதாமாதம் வட்டி கட்டும் கடனில் அந்த 2,21,000 முழுவதையும் வாங்கலாம். ஒரு வருட புல்லட் கடனில், 12 சதவீத வட்டியும் சேர்ந்து 2,21,000க்குள் அடங்க வேண்டும். அப்படியானால் கையில் கிடைப்பது சுமார் 1,97,300 ரூபாய். அதே நகை, அதே நாள், கிட்டத்தட்ட 23,700 ரூபாய் குறைவு. கல்யாணச் செலவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ தொகையைக் கணக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. கவுன்டரில் போய் நின்ற பிறகு குறைகிறதே என்று திகைத்து, கூடுதல் தொகைக்காக மட்டும் மாத வட்டித் திட்டத்துக்குத் தாவுகிறவர்கள் உண்டு. மாத வருமானம் இல்லாதவர் அப்படித் தாவினால் என் கதைதான்.

முடிவில் கட்டுவதில் இன்னொரு சங்கடம், தங்க விலை. நம் பாக்கி மாதத்துக்கு 2,000 ஏறிக்கொண்டிருக்கிறது. விலையும் ஏறினால் பிரச்சினை இல்லை. இறங்கினால் பாக்கிக்கும் நகை மதிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமிருந்தும் சுருங்கும். அதனால் புல்லட் கடன் வாங்கும்போது அதிகபட்சத் தொகையை வாங்காமல், தேவைக்கு மட்டும் வாங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. நகை கூடுதலாக இருந்தால், எல்லாவற்றையும் ஒரே ரசீதில் வைக்காமல் இரண்டு ரசீதாகப் பிரித்து வைக்கக் கேட்கலாம். பாதிப் பணம் வந்ததும் ஒன்றை மட்டும் திருப்ப முடியும்.

யாருக்கு எது என்று என்னிடம் கேட்டால், சம்பளம் வாங்குகிறவருக்கும் தினசரி வியாபாரம் உள்ளவருக்கும் மாத வட்டி பொருந்தும், ஒரு நிபந்தனையோடு. வட்டித் தேதி சம்பளத் தேதிக்கு ஐந்தாறு நாள் பின்னால் விழும்படி கடன் வாங்கும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 25ஆம் தேதி கடன் வாங்கிவிட்டு, 1ஆம் தேதி சம்பளத்தில் கட்டலாம் என்று இருந்தால் ஒவ்வொரு மாதமும் ஆறேழு நாள் தாண்டும். 30 நாள் என்பது மாதக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில் என்பதையும் கவனிக்க வேண்டும். ஜூலை 10 கட்டினால் அடுத்த 30ஆவது நாள் ஆகஸ்ட் 9, ஆகஸ்ட் 10 இல்லை. அறுவடைப் பணமோ, முதிர்ச்சியடையும் வைப்புத் தொகையோ, சீட்டுப் பணமோ ஒரு குறிப்பிட்ட மாதத்தில் மொத்தமாக வரப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்தவருக்குப் புல்லட் பொருந்தும். என் தையல் கடை இரண்டுக்கும் நடுவில். பள்ளிப் பணம் மொத்தமாகத்தான் வரும், எப்போது வரும் என்றுதான் தெரியாது.

இப்போது கடன் வாங்கும்போது வட்டி எத்தனை என்று நான் முதலில் கேட்பதில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "இடையில ஒண்ணுமே கட்டாம வந்தா, 30ஆவது நாள் எவ்வளவு, 100ஆவது நாள் எவ்வளவு, 200ஆவது நாள் எவ்வளவு, 365ஆவது நாள் எவ்வளவுன்னு எழுதிக் குடுங்க" என்று கேட்கிறேன். நாலு எண்கள். 2,00,000க்கு 12 சதவீதத் தனி வட்டி என்றால் 1,973, 6,575, 13,151, 24,000 என்று வர வேண்டும். 365ஆவது நாளில் 25,300 பக்கம் வந்தால் மாதாமாதம் கூட்டு வட்டி சேர்கிறது என்று அர்த்தம். 100ஆவது நாளிலேயே 13,000 பக்கம் போனால் தள்ளுபடி அட்டவணை ஒளிந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய கடன்களுக்கு, வருட வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்து மொத்தச் செலவு வீதத்தைக் காட்டும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும். அதையும் கேட்டு வாங்கி, ரசீதோடு பின் போட்டு வைக்கிறேன்.

போன முறை இரண்டு இடத்தில் இப்படி எழுதி வாங்கினேன். முதல் இடத்தில், 30ஆவது நாள் எண்ணை மட்டும் எழுதிவிட்டு, "மத்ததெல்லாம் சிஸ்டம்தான் போடும்ங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது, ஒரு வங்கிக் கிளை. மேலாளர் நாலு எண்ணையும் எழுதி, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். வீதம் அரை சதவீதம் கூடுதல்தான். நகையை அங்கே வைத்தேன்.